ஓட்டத்துக்கு முன் ஒரு டம்ளர் காபி

1988 சோல் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸ் வாட்சன் நவீன பென்டத்லான் போட்டியில் கலந்துகொண்டார். வாள்வீச்சு, நீச்சல், குதிரையேற்றம், துப்பாக்கிச் சுடுதல், ஓட்டம் என்று ஐந்தும் சேர்ந்த விளையாட்டு அது. போட்டி முடிவதற்குள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய சிறுநீரில் காஃபின் அளவு, அப்போதைய வரம்பான ஒரு மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. காபி குடித்ததைத் தவிர வேறு தவறு செய்யவில்லை என்று வாதாடினார். பிறகு தடை நீங்கி, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மறுபடி களம் இறங்கினார்.

இன்று அந்த வழக்கே எழாது. 2004 ஜனவரி 1 முதல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை, அதாவது வாடா, தடைப் பட்டியலிலிருந்து காஃபினை எடுத்துவிட்டது. யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று கண்காணிப்பதோடு சரி. உடலுக்கு ஆகாது என்று தெரிந்தோ, பலன் இல்லை என்று கண்டோ எடுக்கவில்லை. பலன் கிடைக்கும் அளவு பழைய வரம்புக்கு வெகு கீழேயே இருந்தது என்பதுதான் விஷயம். காலையில் ஆசைக்குக் குடித்தவரையும் ஜெயிக்கக் குடித்தவரையும் சிறுநீரை வைத்துப் பிரிக்க முடியவில்லை. தடை நீங்கிய பிறகு, 2004 முதல் 2008 வரை ஸ்பெயின் ஆய்வகம் ஒன்றில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் சிறுநீர் மாதிரிகளைப் பார்த்தார்கள். நான்கில் மூன்றில் காஃபின் இருந்தது. பழைய வரம்பைத் தாண்டியவை நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. நிறையப் பேர் எடுக்கிறார்கள், ஆனால் அளவோடு எடுக்கிறார்கள்.

அந்த அளவு எது என்பதில்தான் நம்மூர் மாரத்தான்காரர்களும் ஷட்டில் ஆட்டக்காரர்களும் தடுமாறுகிறார்கள். காபி நல்லதா கெட்டதா என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், தங்கள் டம்ளரில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள்.

முதலில், உள்ளே போனதும் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் விழித்திருந்து வேலை செய்யச் செய்ய மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். நரம்பு செல்களில் அதற்கென்று இருக்கும் இடங்களில் போய் உட்கார்ந்து, ‘களைப்பாக இருக்கிறது, மெதுவாகப் போ’ என்று சொல்வது அதன் வேலை. காஃபினின் உருவம் ஏறத்தாழ அதே போன்றது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பதுபோல, அடினோசினின் இடத்தைக் காஃபின் பிடித்துவைத்துக்கொள்கிறது. அடினோசின் குறைந்துவிடவில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறது. உட்கார முடியாததால் களைப்புச் செய்தி முழுதாகப் போய்ச் சேர்வதில்லை.

ஆக, காஃபின் தெம்பைக் கொடுப்பதில்லை. அதில் எரிபொருள் ஏதும் கிடையாது. அதே வேகத்தில் ஓடும்போது ‘இது அவ்வளவு கஷ்டமாக இல்லையே’ என்று தோன்றவைக்கிறது. தொடையின் எரிச்சலும் சற்றுக் குறைவாகத் தெரிகிறது. அதனால் நாமே இன்னும் கொஞ்சம் அழுத்துகிறோம். முன்பு இதற்கு வேறு விளக்கம் சொன்னார்கள். 1978இல் அமெரிக்க உடலியல் அறிஞர் டேவிட் காஸ்டில் சைக்கிள் வீரர்களுக்கு 330 மி.கி. காஃபின் கலந்த காபி கொடுத்து, முடியாமல் நிற்கும் வரை மிதிக்கவைத்தார். காஃபின் இல்லாத காபி குடித்தபோது சுமார் 75 நிமிடம் தாங்கியவர்கள், இதில் 90 நிமிடம் தாங்கினார்கள். காஃபின் உடலின் கொழுப்பை எரியவைத்து, தசையில் சேமித்த சர்க்கரையை மிச்சப்படுத்துகிறது என்று அவர் விளக்கம் கொடுத்தார். பலன் உண்மை, விளக்கம் பின்னால் வந்த ஆய்வுகளில் நிற்கவில்லை. ஆனாலும் ‘ஃபேட் பர்னர்’ டப்பா விற்கிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பழைய விளக்கத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பலன் எவ்வளவு? குறிப்பிட்ட தூரத்தை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார்கள் என்று பார்த்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்தால் சராசரியாக இரண்டு, மூன்று சதவீதம். பத்து கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தரப் போட்டியில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வார இறுதியில் ஓடுகிறவருக்கு, முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அளவுதான். நீண்ட நேர ஓட்டம், சைக்கிள், நீச்சல், படகு ஆகியவற்றில் இது தெளிவாகத் தெரிகிறது. ஒரே மூச்சில் பளு தூக்குவது, நூறு மீட்டர் ஓட்டம் போன்றவற்றில் பலன் சிறியது, ஆளுக்கு ஆள் மாறுவது.

இதிலும் ஒரு பங்கு மனம் செய்யும் வேலை. 2006இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் சில சைக்கிள் வீரர்களைப் பத்து கிலோமீட்டர் ஓட்டவைத்தார்கள். ஒருமுறை ‘இதில் மருந்து இல்லை’ என்றும், ஒருமுறை ‘எடைக்கு ஏற்ப நடுத்தர அளவு காஃபின்’ என்றும், ஒருமுறை ‘இரட்டிப்பு அளவு’ என்றும் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மூன்றிலும் ஒரு துளி காஃபின் கிடையாது. இருந்தும், மருந்து இல்லை என்று நினைத்தபோது வழக்கத்தைவிடச் சற்றுக் குறைந்த வேகம். நடுத்தர அளவு என்று நினைத்தபோது 1.3 சதவீதமும், இரட்டிப்பு என்று நினைத்தபோது 3.1 சதவீதமும் கூடுதல் சக்தி. வீரர்கள் சிலர்தான், சிறிய ஆய்வு. காஃபினே பொய் என்று இதற்கு அர்த்தமல்ல. யாருக்கு எது என்று சொல்லாமல் கொடுத்த சோதனைகளிலும் அது ஜெயிக்கிறது. ஆனால் ‘நான் காபி குடித்தேன், பறந்தேன்’ என்று நண்பர் சொல்லும்போது, எது காபி, எது நம்பிக்கை என்று அவருக்கே தெரியாது. அவர் குடித்த அளவையே நீங்களும் குடிக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

இனி அளவு. விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் பொதுவாகச் சொல்வது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 முதல் 6 மி.கி. வரை. சிலருக்கு 2 மி.கி.யே போதும். 9 மி.கி.க்குப் போனால் வேகம் அதற்கு மேல் கூடுவதில்லை. நடுக்கமும் படபடப்பும்தான் கூடுகின்றன. என் கருத்தில், போட்டிக்காகப் பிழைப்பை வைத்திருக்காத எவரும் 3 மி.கி.யைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் சொன்ன கணக்கு இதற்கு ஒத்துவருகிறது: ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரே தடவையில் 200 மி.கி., ஒரு நாள் முழுவதும் சேர்த்து 400 மி.கி. வரை கவலையில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்றால் 180. இந்த வரம்புக்குள்தான் வருகிறது.

இந்த 180 எந்த டம்ளரில் இருக்கிறது என்பதில்தான் சிக்கல். நம் பில்டர் காபியையே எடுத்துக்கொள்வோம். பில்டரில் பத்து கிராம் தூள் போடுகிறீர்கள். முப்பது சதவீதம் சிக்கரி கலந்தது என்றால் அதில் காபி ஏழு கிராம்தான். சிக்கரியில் காஃபின் அறவே கிடையாது. அது நிறமும் கெட்டித்தன்மையும் தருவதோடு சரி. அந்த ஏழு கிராம் முழுக்க பிளான்டேஷன் ஏ போன்ற அரபிகா வகையாக இருந்தால், அதில் நூற்றுக்கு 1.2 பங்கு காஃபின் என்று வைத்து 84 மி.கி. வரும். ரோபஸ்டாவாக இருந்தால் காஃபின் ஏறத்தாழ இருமடங்கு, 140 மி.கி.யைத் தொடும். தூளில் இருப்பதில் பெரும்பகுதி முதல் டிகாக்‌ஷனிலேயே இறங்கிவிடும். அதே தூளில் இரண்டாம் முறை வெந்நீர் ஊற்றி எடுத்த டிகாக்‌ஷனைப் போட்டிக்கு முன் குடித்தால், மணத்துக்குத்தான் குடித்ததாக அர்த்தம். நாக்கு இங்கே நம்பத்தகுந்த சாட்சி இல்லை. சிக்கரி அதிகமான காபிதான் கறுப்பாக, கசப்பாக, ‘ஸ்ட்ராங்’காக இருக்கும், காஃபினோ அதில் குறைவு. காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் நம் நாட்டு விதி. அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவாக சிக்கரி இருந்தாலும் அது சட்டப்படி சரியே. பாக்கெட்டைத் திருப்பினால் சதவீதம் போட்டிருக்கும்.

கடைக் காபியை நம்பினால் இன்னும் மோசம். ஆஸ்திரேலியாவில் கடை கடையாக எஸ்பிரஸோ வாங்கி அளந்து பார்த்தார்கள். ஒன்றில் 25 மி.கி., இன்னொன்றில் 214. அமெரிக்காவில் ஒரே கடையில் ஒரே பெயர் கொண்ட காபியை ஆறு நாள் தொடர்ந்து வாங்கிப் பார்த்தபோது 259 முதல் 564 மி.கி. வரை ஏறி இறங்கியது. போட்டி நாளில் ஊர் பெயர் தெரியாத கடையில் குடிப்பது, எடை போடாமல் உப்பு போடுகிற கதைதான்.

கணக்குச் சுலபமாக வருவது இன்ஸ்டன்ட் காபியில். சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு காஃபின் என்று வைக்கலாம்; இரண்டு கிராமுக்கு 60 மி.கி. சின்ன பாக்கெட்டுகளில் எடை அச்சிட்டே வருவதால் தராசு கூட வேண்டாம். டீக்கடை கிளாஸ் டீயில் ஏறத்தாழ 20 முதல் 40 மி.கி. தான், அதை நம்பி ஓட வேண்டுமானால் நாலைந்து கிளாஸ் குடித்துவிட்டு ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும். எனர்ஜி டிரிங்கில் இந்திய விதிப்படி லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை இருக்கலாம், 250 மில்லி கேனில் அதிகபட்சம் 75. மாத்திரைகள் 100, 200 மி.கி. அளவில் வருகின்றன. இவற்றில் எதை எடுத்தாலும் சரி. ஆனால் தூய காஃபின் பொடியைத் தொடாதீர்கள்.

ஏன் என்பதற்கு ஒரு சம்பவமே போதும். 2015 மார்ச்சில் இங்கிலாந்தின் நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சியில் காஃபினின் விளைவைக் காட்ட ஒரு வகுப்புச் சோதனை. இரண்டு விளையாட்டு அறிவியல் மாணவர்கள் தாமாக முன்வந்தார்கள். கொடுக்க வேண்டியது 0.3 கிராம், அதாவது 300 மி.கி. அதுவரை மாத்திரையில் கொடுத்துவந்ததை விட்டு இந்த முறை பொடிக்கு மாறியிருந்தார்கள். கைபேசியில் போட்ட கணக்கில் புள்ளி இடம் மாறியது. ஆரஞ்சு ஜூஸில் கலந்து இருவரும் குடித்தது 30 கிராம் – நூறு மடங்கு. இருவரையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள். ஆளுக்குப் பத்து கிலோ அளவில் எடை இழந்தார்கள். 2017இல் நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்கு நான்கு லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தது. படித்தவர்கள், ஆய்வகத்தில், தராசு வைத்துச் செய்த வேலை அது. வீட்டுச் சமையலறையில் ஸ்பூனால் அள்ளுகிறவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம். ஒரு தேக்கரண்டி தூய பொடி ஏறத்தாழ 28 கப் காபிக்குச் சமம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒரே தடவையில் 1,200 மி.கி. அளவில் உள்ளே போனாலே வலிப்பு போன்ற ஆபத்துகள் வரலாம் என்பதும் அவர்கள் எச்சரிக்கை.

நேரத்துக்கு வருவோம். குடித்த காஃபின் ரத்தத்தில் உச்சம் தொட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். வயிறு நிறைந்திருந்தால் தாமதமாகும். அதனால்தான் ‘ஒரு மணி நேரத்துக்கு முன்’ என்ற பொது விதி. மெல்லும் காஃபின் கம் மட்டும் விதிவிலக்கு. வாயின் உள்தோல் வழியாகவே உறிஞ்சப்படுவதால் பத்து பதினைந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும்.

ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். நாற்பது வயது, 60 கிலோ எடை, தினமும் காலையும் மாலையும் ஒரு காபி குடிக்கிறவர். அதிகாலை 5 மணிக்கு 21 கிலோமீட்டர் ஓட்டம். இரண்டேகால் மணி நேரத்தில் முடிப்பவர். இவர் போட்டி நாளில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கக் கூடாது. நாலைந்து வாரம் முன்பே, ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தின்போது தொடங்க வேண்டும். முதலில் கிலோவுக்கு 2 மி.கி.: 120. சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் தூள் நான்கு கிராம், வெந்நீர், வேண்டுமானால் கொஞ்சம் சர்க்கரை. பால் வேண்டாம்; ஓடும்போது வயிற்றில் குலுங்குவது அதுதான். ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரு வாழைப்பழத்தோடு.

பிறகு மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது வயிறு. காபி குடலைத் தூண்டும்; பலருக்கு அரை மணி நேரத்துக்குள் கழிப்பறை தேடவைக்கும். வீட்டில் இது வரம். ஸ்டார்ட்டிங் லைனில், ஆயிரம் பேருக்குப் பத்து கழிப்பறை இருக்கும் இடத்தில், அப்படி இல்லை. இவருக்கு அந்தப் பழக்கம் தெரிந்தால் நாலு மணிக்குப் பதில் மூன்றே முக்காலுக்கே குடித்துவிட்டுக் கிளம்பலாம். இரண்டாவது கை. விரல்களை நீட்டிப் பார்த்தால் நடுங்குகிறதா, இதயம் காதில் கேட்கிறதா? அப்படியென்றால் 120 மி.கி.யே இவருக்கு அதிகம். மூன்றாவது, பலரும் கவனிக்காமல் விடுவது, முதல் மூன்று கிலோமீட்டர். களைப்புச் செய்தி மங்கியிருப்பதால் கால் தானாக வேகம் பிடிக்கும். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் ஓட வேண்டியவர் ஆறில் ஓடிக்கொண்டிருப்பார், சுகமாகவும் இருக்கும். அதற்கான வட்டி பதினாறாவது கிலோமீட்டரில் கட்ட வேண்டிவரும். காபி குடித்த நாளில் உடல் சொல்வதைவிடக் கடிகாரம் சொல்வதை நம்ப வேண்டும்.

இரண்டு மூன்று ஓட்டங்களில் இதெல்லாம் சரியாக இருந்தால் ஒருமுறை 180 மி.கி.க்கு ஏற்றிப் பார்க்கலாம். 120இலேயே திருப்தி என்றால் அங்கேயே நிற்கலாம். வித்தியாசம் எதுவும் தெரியவில்லையா, விட்டுவிடலாம்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பிருந்து காபியை நிறுத்தினால்தான் அன்றைக்கு ‘பிடிக்கும்’ என்று சிலர் சொல்வார்கள். தேவையில்லை. பிரேசிலில் 40 சைக்கிள் வீரர்களிடம் நடத்திய ஆய்வில், அன்றாடம் நிறையக் குடிப்பவர், குறைவாகக் குடிப்பவர் என்ற வித்தியாசமே இல்லாமல் காஃபின் பலன் தந்தது. நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும்தான் கைமேல் கிடைக்கும். நிறுத்திய மறுநாள் அவை உச்சத்தில் இருக்கும். அதைச் சுமந்துகொண்டு யார் ஓடுவது?

முழு மாரத்தான் போன்ற நீண்ட போட்டியில் மொத்தத்தையும் தொடக்கத்திலேயே கொட்ட வேண்டியதில்லை. களைப்பு வருவது பின்பாதியில்தானே. ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் சைக்கிள் வீரர்கள் நீண்ட பந்தயங்களின் கடைசிப் பகுதியில், காற்று போன கோலா குடிக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். 2002இல் அதையே ஆய்வு செய்து பார்த்தபோது, இரண்டு மணி நேர மிதிப்பின் பின்பகுதியில் குடித்த கோலாவின் சிறிய அளவுக் காஃபின் கூட, கிலோவுக்கு ஒன்றரை மி.கி. அளவில், தெளிவான பலன் தந்தது. 25 கிலோமீட்டரைத் தாண்டும்போது காஃபின் கலந்த ஒரு ஜெல்லோ, அரை கேன் கோலாவோ எடுப்பது இந்தக் கணக்கில்தான். காபி உடம்பின் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. இந்த அளவில், ஓடிக்கொண்டிருக்கும்போது, அப்படி நடப்பதில்லை. வெயிலில் ஓடும்போது வேறு கவலை இருக்கிறது: உடல் சூடேறி ‘நிற்கச்’ சொல்லும் குரலையும் காஃபின் தணித்துவிடும். சித்திரை வெயிலில் நடக்கும் போட்டிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

யார் ஒதுங்க வேண்டும்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதலில். மாவட்டப் போட்டிக்குப் போகும் பதினான்கு வயதுப் பையன் கையில் எனர்ஜி டிரிங்க் கேனைப் பார்ப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அதற்கு இடமே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011இலேயே சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் கேனின் மேலேயே குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு உகந்ததல்ல என்று அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த எழுத்து எவ்வளவு பொடியாக இருக்கிறது என்பது வேறு விஷயம். அந்த வயதில் ஒரு பையனின் நேரம் குறைவது பயிற்சியாலும் வளர்த்தியாலும்தான். இரண்டு சதவீதத்தைக் கேனில் தேடும் பயிற்சியாளரிடம் நான் பிள்ளையை விட மாட்டேன்.

இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அன்றாடம் இரண்டு காபி குடித்து எதுவும் ஆகவில்லையே என்பது பதிலாகாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது குடிப்பதும், இதயம் முழு வேகத்தில் அடிக்கப் போகும் நேரத்துக்குச் சற்று முன் குடிப்பதும் ஒன்றல்ல. பதற்ற நோய், திடீர்ப் பீதி வருகிறவர்களுக்கும் இது வேண்டாம். போட்டிப் படபடப்போடு காஃபின் படபடப்பும் சேர்ந்தால் எது எது என்று தெரியாமல் போகும். கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைய மொத்த அளவே 200 மி.கி.தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடல் காஃபினை வெளியேற்ற வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் அது ஏறத்தாழ இருமடங்கு நேரம் தங்கும். அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத் தொடங்க வேண்டும்.

மருந்துகளில் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம்மூரில் இரண்டும் சர்வசாதாரணம். மூச்சிரைப்புக்குத் தரும் தியோஃபிலின் காஃபினுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் சேர்ந்தால் நடுக்கமும் இதயப் படபடப்பும் ஒன்றுக்கு ஒன்று துணை சேரும். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வாங்கிப் போடும் சிப்ரோஃப்ளாக்சசின், கல்லீரல் காஃபினை உடைக்கும் வேலையைத் தடுத்துவிடுகிறது. வழக்கமான ஒரு டம்ளரே இரண்டு டம்ளரின் வேலையைக் காட்டும். சில சளி மாத்திரைகளில் காஃபினே கலந்திருக்கிறது. அட்டையின் பின்புறம் படித்தால் தெரியும்.

கல்லீரலின் இந்த வேலை பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். டொராண்டோவில் 101 வீரர்களை மரபணு பார்த்துப் பிரித்து, பத்து கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டவைத்தார்கள். கிலோவுக்கு 4 மி.கி. கொடுத்தபோது காஃபினை வேகமாக உடைக்கும் வகையினர் 6.8 சதவீதம் முன்னேறினார்கள். மெதுவாக உடைக்கும் ஒரு சிறு பிரிவினர் 13.7 சதவீதம் பின்தங்கினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துப்போகவில்லை, அதனால் காசு கொடுத்து மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டாம். மத்தியானம் குடித்த காபி இரவு தூக்கத்தைக் கெடுக்கிறதா என்பதைப் பார்த்தாலே ஓரளவு குறி கிடைத்துவிடும். கெடுக்கிறது என்றால் குறைந்த அளவே உங்களுக்கு உரியது. விளையாட்டைப் பொறுத்தும் ஒதுங்க வேண்டியிருக்கும். துப்பாக்கிச் சுடுதல், வில்வித்தை, கேரம், செஸ் எல்லாம் ஒரே வகை என்று நினைக்க வேண்டாம். கை நடுங்கினால் கெட்டுப்போகும் முதல் மூன்றிலும் விழிப்புக்காகக் குடிப்பது கையைக் காவு கொடுப்பதில் முடியலாம்.

தேசிய அளவில் விளையாடி, ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. காஃபின் தடையில்லை; ஆனால் காஃபினோடு சேர்த்து விற்கும் ‘ப்ரீ-ஒர்க்அவுட்’ பொடிகளில் வேறு ஊக்கிகள் கலந்திருந்த வரலாறு உண்டு. மெத்தில்ஹெக்சேனமீன் என்பது அப்படி ஒன்று; சில டப்பாக்களில் ஜெரேனியம் எண்ணெய் என்ற அப்பாவிப் பெயரில் ஒளிந்திருந்தது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் பெண்கள் நூறு மீட்டரில் தங்கம் வென்ற நைஜீரிய வீராங்கனை பதக்கத்தை இழந்தது அந்தப் பொருள் உடலில் இருந்ததால்தான். மூக்கடைப்புக்குப் போடும் சூடோஎஃபெட்ரினுக்கும் போட்டிக் காலத்தில் வரம்பு உண்டு. சோதனைக்கு உட்படுகிறவருக்குப் பாக்கெட் இன்ஸ்டன்ட் காபியைவிடப் பாதுகாப்பான காஃபின் இல்லை.

கடைசியாக, இரவு ஆட்டங்கள். கபடியும் வாலிபாலும் ஷட்டிலும் நம்மூரில் விளக்கு வெளிச்சத்தில்தான் களைகட்டும். மாலை 7 மணி ஆட்டத்துக்காக 6 மணிக்கு 180 மி.கி. எடுத்தவர் உடலில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அதாவது இரவு 11 மணிக்குப் படுக்கும்போது 90 மி.கி. இன்னும் உள்ளே இருக்கும். படுக்கப்போகும் முன் ஒரு முழு டம்ளர் காபி குடித்ததற்குச் சமம். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மி.கி. கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அடுத்த ஆட்டம் என்றால், நேற்றைய இரண்டு சதவீதத்துக்காக இன்றைய ஐந்து சதவீதத்தை விற்றாயிற்று. அதை ஈடுகட்ட இன்னும் அதிகம் குடித்து, அன்றிரவும் தூங்காமல், மூன்றாம் நாள் இறுதி ஆட்டத்தில் கால் நகராமல் நிற்பவர்களை எந்த டோர்னமென்ட்டிலும் பார்க்கலாம். இரண்டு நாள் போட்டியென்றால் முதல் நாள் லீக் ஆட்டங்களுக்குத் தண்ணீரும் எலுமிச்சை ஜூஸும் போதும். மறுநாள் காலை அரையிறுதிக்கு ஒரு மணி நேரம் முன்பு நான்கு கிராம் தூள். இறுதி ஆட்டம் அன்று மத்தியானத்துக்குள் என்றால் அதற்கெனத் தனியாக எதுவும் வேண்டாம், காலையில் குடித்ததில் பாதி அப்போதும் உடம்பில் இருக்கும்.